கடைசி பில்லுக்கு முன்னால் யாரை அனுப்பக் கூடாது?

பெயிண்ட் வேலை முடியும் தறுவாயில் இருக்கும் எந்தக் கட்டடத்திலும் ஆட்கள் கிளம்பும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். கம்பி கட்டுகிறவர்களும் சென்ட்ரிங் ஆட்களும் மேல்தளக் கான்கிரீட் போட்ட கையோடு போயிருப்பார்கள். பூச்சு வேலை முடிந்ததும் கொத்தனார்கள் கிளம்புவார்கள். கடைசி மாதத்தில் டைல்ஸ், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் ஆட்கள் சிலர்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டருக்கு வேறு ஊரில் அடுத்த வேலை தொடங்கும். வானம் தோண்டிய நாளிலிருந்து இங்கேயே இருந்த சைட் இன்ஜினியரை அங்கே அனுப்பிவிடுவார். ஃபைனல் பில்லை யாரும் எழுதத் தொடங்கியே இருக்க மாட்டார்கள்.

ஒரு திட்டத்தை முடித்துவைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், துறையில் உள்ளவர்கள் நான்கைச் சொல்வார்கள்: ஒப்பந்தத்தை முடிப்பது, கடைசிப் பணத்தைக் கொடுப்பது, ஆவணங்களைப் பத்திரப்படுத்துவது, ஆட்களை விடுவிப்பது. பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் வருவது வரிசையில். ஆட்களை விடுவிப்பது கடைசியில் எழுதப்பட்டிருந்தாலும் நடைமுறையில் அதுதான் முதலில் நடக்கிறது. எந்தச் சுவரை எப்போது இடித்துக் கட்டினோம், யார் சொல்லிக் கட்டினோம் என்பதெல்லாம் தெரிந்தவர் போய்விடுகிறார். அதன் பிறகு மற்ற மூன்றும் இழுக்கத் தொடங்குகின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அறக்கட்டளை தன் பள்ளிக்காக இரண்டு தளங்கள் கொண்ட வகுப்பறைக் கட்டடம் கட்டுகிறது. ஒப்பந்தத் தொகை ₹80 லட்சம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட். அளந்து பார்த்து வரும் அளவுக்குப் பணம். வேலை நடக்கும்போதே ஐந்து பில்கள் போட்டு வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதத்தைப் பள்ளி பிடித்து வைத்திருக்கிறது. ரிடென்ஷன் என்று சொல்லப்படும் இந்தத் தொகை, பிற்பாடு குறை ஏதும் தெரிந்தால் சரிசெய்வதற்கான பிணை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஜிஎஸ்டியை இங்கே சேர்க்கவில்லை.

முதல் வேலை, இரு தரப்பும் சேர்ந்து நின்று அளப்பது. கான்ட்ராக்டரின் இன்ஜினியரும் பள்ளி சார்பில் ஆர்க்கிடெக்டோ மேற்பார்வையாளரோ ஒன்றாகச் சென்று அளந்து, எம்-புக்கில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுவர், பூச்சு, தரை, ஜன்னல் எல்லாவற்றையும் முடிந்த பிறகும் அளந்துவிடலாம். அஸ்திவாரத்தை அப்படி அளக்க முடியாது. மண் மூடிய பிறகு அது எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அன்று எழுதிய அளவும் கையெழுத்தும்தான் சாட்சி. கம்பியும் அப்படித்தான். கான்கிரீட்டுக்குள் போனபின் 12 மில்லிமீட்டர் கம்பியா 16 மில்லிமீட்டர் கம்பியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, ஃபைனல் பில்லின் பாதி வேலை முடியும் நாளில் நடப்பதல்ல. அஸ்திவாரத்தை மண் போட்டு மூடுவதற்கு முந்தைய நாளிலேயே நடந்திருக்க வேண்டும்.

நம் பள்ளிக் கட்டடத்தில் ஒப்பந்தத்தில் இல்லாத இரண்டு கூடுதல் வேலைகள் நடந்தன.

அஸ்திவாரம் ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வரைபடம் சொன்னது. தோண்டிப் பார்த்தால் அந்த ஆழத்திலும் கரிசல் மண்தான். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. ஆர்க்கிடெக்ட் நேரில் வந்து பார்த்து, கெட்டி மண் வரும்வரை போகச் சொன்னார். இதில் ₹4.2 லட்சம் கூடியது. அன்றே ஆழத்தை அளந்து எம்-புக்கில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இது ஒன்று. இரண்டாவது, தரை. சாதாரண செராமிக் டைல்ஸ் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அறக்கட்டளை நிர்வாகி ஒருவர் சைட்டுக்கு வந்தபோது, “விட்ரிஃபைடே போட்டுடுங்க, பார்த்துக்கலாம்” என்றார். ரேட் வித்தியாசம் ₹1.9 லட்சம். எழுத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் சைட் இன்ஜினியர் மட்டுமே.

முதல் கூடுதல் வேலை பில்லில் சிக்கலின்றி ஏறியது. இரண்டாவதைக் கணக்கில் ஏற்க முடியாது என்று பள்ளி சொல்லிவிட்டது.

ஃபைனல் பில் இப்போது இப்படி வரும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மொத்த வேலையின் மதிப்பு ₹84,20,000. முந்தைய ஐந்து பில்களில் கணக்கிட்ட வேலை ₹71,00,000. மீதி ₹13,20,000. இதைத்தான் கையில் வரும் பணம் என்று கான்ட்ராக்டர் நினைத்துக்கொண்டிருப்பார். கழிவுகள் இனிதான் தொடங்கும். ரிடென்ஷன் 5 சதவீதம், ₹66,000. தொடக்கத்தில் கொடுத்த ₹4 லட்சம் முன்பணத்தில் இதுவரை பிடிக்காமல் விட்ட பாக்கி ₹80,000. பள்ளியே வாங்கிக் கொடுத்த சிமென்டில், செய்த வேலைக்கு ஆகியிருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாகச் செலவானதற்கு ₹38,000. பள்ளியின் மின்சாரத்தையும் தண்ணீரையும் பயன்படுத்தியதற்கு ₹22,000. கான்ட்ராக்டர் தனிநபர் என்பதால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ₹13,200. எல்லாம் போகக் கைக்கு வருவது ₹11,00,800.

இந்தக் கழிவுகளில் அதிகம் சண்டை வருவது சிமென்டில்தான். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை வேலையில் போனது, எத்தனை மழையில் நனைந்து கட்டியானது என்பதற்குச் சைட்டில் எழுதும் ஸ்டாக் நோட்டு ஒன்றுதான் ஆதாரம். கூரை வழியே தண்ணீர் இறங்கி 20 மூட்டை வீணானது என்று கான்ட்ராக்டர் சொல்லலாம். அது அந்தத் தேதியில் நோட்டில் ஏறியிருந்தால் பேச முடியும். நோட்டை எழுதியவர் அடுத்த சைட்டில் இருந்தால், பள்ளிக்காரர் சொல்வதே கணக்கு.

டைல்ஸ் பாக்கிக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் முட்டிக்கொண்டு நிற்பது இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். பணம் கொடுப்பவர் ஒரு படிவத்தை நீட்டுவார். ‘இதோடு என் கணக்கு முழுவதும் தீர்ந்தது, இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் அச்சடித்திருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்புக்கொண்ட ₹11 லட்சமே வரும். சிமென்ட் கடைக்கும் கம்பிக் கடைக்கும் பாக்கி வைத்திருக்கும் கான்ட்ராக்டர் வேறு வழியில்லாமல் போட்டுக் கொடுப்பார்.

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி நேராகவே பேசியிருக்கிறது. நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போகரா பாலிஃபேப் நிறுவனத்துக்கும் இடையே மழைவெள்ளச் சேத இழப்பீடு தொடர்பாக நடந்த வழக்கு அது. 2008 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. காப்பீட்டு வழக்காக இருந்தாலும், தீர்ப்பில் நீதிமன்றம் காட்டிய உதாரணங்களில் கட்டட வேலைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் கண்டுவிடும் ஒன்று இருக்கிறது. கான்ட்ராக்டர் ₹10 லட்சம் கேட்கிறார். வேலை கொடுத்தவர் ₹6 லட்சத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறார். முழுக் கணக்கும் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த ஆறும் கிடைக்கும் என்கிறார். பணமுடையில் இருக்கும் கான்ட்ராக்டர் எழுதிக் கொடுக்கிறார். இது நிர்ப்பந்தத்தில் வாங்கிய கையெழுத்து, மீதிப் பணத்துக்காக நடுவர் மன்றத்தை நாடுவதை இது தடுக்காது என்றது தீர்ப்பு. அதே தீர்ப்பு மறுபக்கத்தையும் சொல்கிறது: ஒப்புக்கொண்ட தொகையை முதலில் கொடுத்துவிட்டு, தகராறில் உள்ளதைப் பேசி ஒரு தொகைக்கு எழுத்தில் உடன்பட்டு, அந்தப் பணமும் கைமாறி, பிறகு எழுதிக் கொடுத்த தீர்வுச் சீட்டு செல்லும். அதற்குப் பின் அந்த ஒப்பந்தத்தில் தகராறு என்று எதுவும் மிச்சமில்லை.

இதிலிருந்து இரு தரப்புக்கும் ஒரே வழிதான் கிடைக்கிறது. ஒப்புக்கொண்ட தொகையையும் தகராறில் உள்ள தொகையையும் இரண்டு தாளில் பிரிக்க வேண்டும். நம் பள்ளி ₹11,00,800-ஐ நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிடுகிறது. டைல்ஸ் விஷயத்தை மட்டும் தனியே பேசுகிறார்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று சொன்னதை அந்த நிர்வாகி மறுக்கவில்லை. ரேட்டைப் பற்றித்தான் அவருக்கு வேறு எண்ணம். சைட் இன்ஜினியர் கொண்டுவந்த கடை பில்லைப் பார்த்தபின் ₹1,10,000-க்கு இருவரும் சம்மதித்து எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பணமும் வந்த பிறகே தீர்வுச் சீட்டில் கையெழுத்து. இன்ஜினியரை இரண்டு வாரம் கூடுதலாகச் சைட்டில் வைத்திருந்த சம்பளத்தை இந்த ஒரு பாக்கியே திருப்பித் தந்துவிடும்.

பேச்சு ஒத்துவராமல் போகலாம். அப்போது கான்ட்ராக்டர் பணத்தை வாங்கிக்கொண்டு, ‘டைல்ஸ் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று ரசீதிலேயே எழுதுவது நல்லது. அன்றே தனிக் கடிதமாகவும் அனுப்பலாம். பல மாதம் கழித்து நிர்ப்பந்தம் என்று சொல்பவரைவிட, அன்றே எழுதியவரின் பேச்சுக்கு எடை அதிகம். கெடுவையும் மறந்துவிடக் கூடாது. பணம் கொடுக்கும் தேதி குறிக்கப்படாத வேலைக்கான கூலிக்கு, வேலை செய்து முடித்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று வாய்வார்த்தையில் கேட்டுக்கொண்டே மூன்று ஆண்டைக் கடத்திவிட்டவர்கள் உண்டு.

பணம் பேசும் அதே வாரத்தில் ஒப்பந்தத்தையும் முடிக்க வேண்டும். இரு தரப்பும் அறை அறையாகப் போய்க் குறைகளை எழுதுவார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி ஒன்றிரண்டு நாள் விட்டு, கீழே ஈரம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கதவு உரசுவது, குழாய் சொட்டுவது, டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதாகச் சத்தம் வருவது எல்லாம் பட்டியலில் ஏறும். அவற்றைச் சரிசெய்தபின் வேலை முடிந்தது என்று ஒரு தேதி போட்டுச் சான்று கொடுக்கப்படும். அந்தத் தேதி முக்கியம். அன்றிலிருந்துதான் குறைகளுக்குக் கான்ட்ராக்டர் பொறுப்பேற்கும் காலம் ஓடத் தொடங்குகிறது. தாமத அபராதமும் அன்றோடு நிற்கிறது. வழக்கமாக ரிடென்ஷனில் பாதியும் அப்போது திரும்ப வரும். நம் கணக்கில் மொத்தப் பிடித்தம் ₹4,21,000. பாதி என்றால் ₹2,10,500.

அடுக்குமாடி கட்டி விற்பவர்கள் இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை விற்றவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் அவர் தன் கான்ட்ராக்டரோடு போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் பொறுப்புக் காலம் ஓர் ஆண்டு என்று இருக்கலாம். இடையில் உள்ள நான்கு ஆண்டுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தம் போடும்போதே பேசியிருக்க வேண்டும். முடிக்கும் நேரத்தில் அதைப் பேசக் கான்ட்ராக்டருக்கு எந்த அவசியமும் இருக்காது.

பேங்க் கேரண்டி கொடுத்திருந்தால் அதன் அசல் தாளைத் திரும்ப வாங்கி வங்கியில் ஒப்படைக்க வேண்டும். பலர் இதை அலட்சியமாக விடுகிறார்கள். அது ரத்தாகும்வரை அதற்கு ஈடாக வைத்த டெபாசிட் முடங்கியே கிடக்கும். தற்காலிக மின் இணைப்பைத் துண்டித்து அதன் டெபாசிட்டை வாங்குவதும், வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் ஷீட்டையும் ஜாக்கியையும் எண்ணித் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குவதும் இதே வகை. ரசீது இல்லையென்றால் வாடகை ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் கடைக்காரர் கணக்கு வைப்பார்.

இனி ஆட்கள். கட்டட வேலையில் கூலி பெரும்பாலும் சனிக்கிழமைக் கணக்கு. வேலை முடியும் வாரத்தில்தான் அந்தக் கணக்கு தவறும். மேஸ்திரியிடம் பாக்கி, மேஸ்திரிக்குக் கான்ட்ராக்டரிடம் பாக்கி, கான்ட்ராக்டருக்குப் பள்ளியிடம் பாக்கி. ஒரு சித்தாளின் கடைசி வாரக் கூலி ஃபைனல் பில்லுக்காகக் காத்திருக்க எந்த நியாயமும் கிடையாது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கூலி பாக்கி முழுவதையும் தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த சட்ட விதிகளின் வரம்புக்குள் வரும் இடங்களில், கான்ட்ராக்டர் கூலியைக் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு அவரிடமிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-லிருந்து இருக்கும் ஏற்பாடு. அதனால், எல்லோருக்கும் கூலி தீர்த்தாயிற்று என்பதற்குக் கையெழுத்திட்ட பட்டியலைப் பார்த்தபின் ஃபைனல் பில்லைப் பாஸ் செய்வது பள்ளிக்கும் பாதுகாப்பு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் ரயிலேறிவிட்டால், விட்டுப்போன கூலியை அவர் இங்கே வந்து கேட்பது நடக்கிற காரியமில்லை. அவர் கையில் பணம் சேர்ந்ததா என்பதை ஏஜென்ட்டிடம் கேட்காமல் அவரிடமே கேட்க வேண்டும்.

கூலியோடு இரண்டு தாள் விஷயங்களும் சேரும். கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பயன்களுக்குப் பதிவு செய்ய, முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் இந்த வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை நாள் வேலை செய்தார் என்று ஒரு சான்றைக் கிளம்பும்போதே கையில் கொடுத்துவிட்டால், பிறகு அவர் கான்ட்ராக்டரைத் தேடி அலைய வேண்டாம். வருங்கால வைப்புநிதி உள்ளவர்களுக்கு, வேலையை விட்ட தேதியை இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், பழைய கணக்கை அடுத்த வேலைக்கு மாற்றவோ பணத்தை எடுக்கவோ போகும்போது அது இடறும்.

சைட் இன்ஜினியர் கடைசியாகக் கிளம்ப வேண்டியவர். கூட்டு அளவெடுப்பில் கையெழுத்து ஆனது, குறைப் பட்டியல் தீர்ந்தது, கைச்செலவுப் பணத்துக்குக் கணக்கு கொடுத்தது, ஆவணப் பெட்டியை ஒப்படைத்தது. இந்த நான்கும் முடிந்த நாள்தான் அவருடைய விடுவிப்பு நாள். அடுத்த சைட் காத்திருக்கிறது என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது இங்கே வரட்டும்.

அந்த ஆவணப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? கட்டி முடித்தபடி திருத்திய வரைபடம் எல்லாவற்றுக்கும் மேலே. ஒப்பந்தத்தோடு வந்த வரைபடத்தில் கழிவுநீர்க் குழாய் வடக்குச் சுவர் ஓரம் போகும்; பாறை தட்டியதால் அதைக் கிழக்கே திருப்பியிருப்பார்கள். பத்து ஆண்டு கழித்து அங்கே தோண்டுகிறவருக்கு வேண்டியது திருத்திய வரைபடம். அடுத்து, கான்கிரீட் கட்டிகளை 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த சோதனை முடிவுகள், மண் பரிசோதனை அறிக்கை, கம்பிக்கான ஆலைச் சான்று, கரையான் தடுப்புக்கும் மோட்டாருக்கும் கொடுத்த உத்தரவாத அட்டைகள். கணக்குத் தாள்களுக்குத் தனிக் காலம் உண்டு. ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வரைபடங்களுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. கட்டடம் நிற்கும்வரை அவை வேண்டும். கடைகளில் மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான பில்கள் சில மாதத்தில் வெளுத்துவிடும். அவற்றை நகலெடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆவணங்கள் தீயிலும் வெள்ளத்திலும் போவதைவிட, அடுத்த வேலைக்கு இடம் வேண்டும் என்று யாரோ சுத்தம் செய்யும்போது போவதே அதிகம். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியதன் மூலப் பதிவு நாடாக்களைத் தேடிய நாசா, அவை பிற்பாடு அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009-இல் வந்தது. அப்போது காந்த நாடாவுக்குத் தட்டுப்பாடு. கட்டடக் கம்பெனியில் இதே வேலையைச் செய்வது சைட் லேப்டாப். அடுத்த சைட்டுக்குக் கொடுக்கும் முன் அதை ஃபார்மேட் செய்துவிடுவார்கள். எந்தக் கோப்பு எங்கே நகலாகியிருக்கிறது என்று இன்ஜினியர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பார்த்த பிறகு ஃபார்மேட் செய்யட்டும். வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவுகளும் இப்போது ஆவணம்தான். அவற்றை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்று இணைக்க வேண்டும். செய்தி வந்த போன் கையில் இருக்கும்போதே உரையாடலை ஏற்றுமதி செய்து பெட்டியில் சேர்த்துவிட்டால் பிறகு வேலை குறையும்.

மீதி ₹2,10,500 குறைப் பொறுப்புக் காலம் முடிந்ததும் கான்ட்ராக்டருக்குப் போகும். அந்தக் காலத்தை ஆறு மாதம் என்று வைப்பவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் முடிந்த கட்டடத்துக்கு ஆறு மாதம் ஜூலையில் முடிந்துவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கூரைக் கசிவு கண்ணில் படுவதற்கு முன்பே பிணைப்பணம் கைமாறியிருக்கும். நம் பள்ளி 12 மாதம் என்று எழுதியிருக்கிறது. டிசம்பர் நடுவில் கான்ட்ராக்டரும் மேற்பார்வையாளரும் மொட்டை மாடிக்கும் குளியலறைச் சுவர்களுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்து, இருக்கும் குறையை எழுதி, சரிசெய்ய இரண்டு வாரம் கொடுப்பார்கள். ஜனவரியில் கடைசிக் காசோலை போகும்.